வயதைக் கேட்டு ஊசியை எடுக்காதீர்கள்

சிறுவர் பல் மருத்துவப் பயிற்சிக்காக ஹட்டன், டிக்கோயா, நுவரெலியாப் பக்கம் வரும் மாணவர்கள் நாற்காலியில் பிள்ளை ஏறியதும் முதலில் கேட்பது வயதைத்தான். ஆறு வயது என்றால் இத்தனை கார்ட்ரிஜ், எட்டு வயது என்றால் இத்தனை என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடும். கொழும்பில் இந்தக் கணக்கு பெரும்பாலும் வம்பில்லாமல் ஒப்பேறிவிடும். தோட்டத்துப் பிள்ளையிடம் அது பொய்த்துப்போகும்.

காரணம் எளியது. 2016ஆம் ஆண்டின் இலங்கைக் குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்குப் 17 பேரளவில் இருந்தார்கள். தோட்டப்புறத்தில் மட்டும் அது நூற்றுக்கு 32 அளவில் இருந்தது. அப்படி வளரும் பிள்ளைகள்தான் பாடசாலைக்குப் போகும் வயதில் சொத்தைப் பல்லோடு நம்மிடம் வருகிறார்கள். வயது ஆறாக இருக்கும். உடம்பு நாலரை வயதுக்குரியதாக இருக்கும். மருந்துக்கு வயது தெரியாது. அது கலக்கும் இரத்தமும் அதை உடைக்கும் ஈரலும் உடம்பின் அளவிலேயே இருக்கும்.

வலி மருந்து, நுண்ணுயிர்க்கொல்லி, மயக்க மருந்து எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்றாலும், நான் இங்கே அதிகம் பேசப்போவது விறைப்பூசி மருந்தான லிக்னொக்கெயினைப் பற்றி. பல் மருத்துவர் தன் கையால், சில நிமிடங்களுக்குள், உச்ச அளவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரே மருந்து அதுதான். சிரப்பைக் கூடக் கொடுத்தால் நிறுத்திக்கொள்ளலாம். ஊசியில் போனதைத் திரும்ப எடுக்க முடியாது. 1983இல் அமெரிக்கப் பல் மருத்துவ சங்க இதழில் குட்சனும் மூரும், சிறுவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பல் வைத்தியம் செய்தபோது நடந்த விபத்துகளைச் சேர்த்து ஆராய்ந்து எழுதினார்கள். அவற்றில் பலவற்றிலும் விறைப்பூசி மருந்து பிள்ளையின் நிறைக்குரிய அளவைத் தாண்டியிருந்தது.

ஓர் எடுத்துக்காட்டுப் பிள்ளையை வைத்துக் கணக்கைப் போடுவோம். ஆறு வயதுச் சிறுமி. நோர்வூட் பக்கத்துத் தோட்டம். மேலும் கீழும், வலமும் இடமுமாக நான்கு பால் கடைவாய்ப் பற்கள் வேர்வரை அழுகிவிட்டன, நான்கையும் பிடுங்க வேண்டும். அம்மா கொழுந்து பறிப்பவர். "டொக்டர், இன்னைக்கே எல்லாத்தையும் புடுங்கி விட்றுங்க. இன்னொரு நாள் வந்தா எனக்குப் பேர் போயிரும்" என்கிறார். பேர் என்றால் செக்ரோலில் விழும் ஒரு நாள் சம்பளம். நியாயமான கோரிக்கை. நம்மை உச்ச அளவுக்கு மேலே தள்ளுவதும் அதுவே.

முதலில் தராசு. பிறந்தது முதல் குடும்ப நல உத்தியோகத்தர் நிறை பார்த்துக் குறித்துவைக்கும் பதிவேடு வீட்டில் இருக்கும். அதில் கடைசியாக உள்ள எண் ஒரு வருடப் பழையதாக இருக்கலாம், அதை வைத்து மருந்து கணக்குப் போடக்கூடாது. அன்றைக்கே நிறுங்கள். மலையகக் குளிருக்குப் பிள்ளை இரண்டு ஸ்வெட்டரும் ஜெக்கட்டும் சப்பாத்துமாக வரும். எல்லாவற்றையும் கழற்றியபின் ஏற்றுங்கள், ஏற்றுவதற்கு முன் தராசு பூச்சியத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள். உடுப்போடு நிறுத்தால் ஒரு கிலோவுக்கு மேல் கூடக் காட்டலாம். பெரியவருக்கு அது ஒன்றுமில்லை. பதினான்கு கிலோப் பிள்ளைக்கு அது நூற்றுக்கு ஏழு வீதம், அதுவும் எப்போதும் கூடுதல் பக்கமாகவே சாயும் பிழை. பிள்ளை தராசில் ஏற மறுத்தால் அம்மா தூக்கிக்கொண்டு நிற்க, பிறகு அம்மாவை மட்டும் நிறுத்துக் கழிக்கலாம். ஆனால் அரைக் கிலோ அரைக் கிலோவாகத் தாண்டும் குளியலறைத் தராசில் இந்த முறை ஒரு கிலோவரை தவறும், அதனால் வந்த விடையைக் கீழ்ப்பக்கமாகவே எடுங்கள்.

நம் சிறுமி 14.5 கிலோ. உலக சுகாதார நிறுவன அட்டவணையில் ஆறு வயதுச் சிறுமிகளின் நடு நிறை 20 கிலோவுக்குச் சற்று மேல். வயதோடு நாலைக் கூட்டி இரண்டால் பெருக்கும் பழைய அவசரச் சூத்திரமும் 20 கிலோ என்றே சொல்லும். இந்த ஐந்தரைக் கிலோ வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மருந்தின் செறிவு. பெட்டியில் 2% என்று போட்டிருக்கும். நூறு மில்லிலீற்றரில் இரண்டு கிராம் என்பது பொருள். இரண்டு கிராம் என்றால் 2000 மில்லிகிராம். எனவே ஒரு மில்லிலீற்றரில் 20 மில்லிகிராம். வீதத்தைப் பத்தால் பெருக்கினால் மில்லிலீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்பது வந்துவிடும், எந்த மருந்துக்கும் இது பொருந்தும். 2.2 மில்லிலீற்றர் கார்ட்ரிஜில் 44 மில்லிகிராம், 1.8 மில்லிலீற்றர் கார்ட்ரிஜில் 36 மில்லிகிராம். இரண்டு அளவும் சந்தையில் உண்டு, பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கண்ணாடிக் குழாயின் பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். "ஒரு கார்ட்ரிஜ் போட்டேன்" என்று நோயாளர் குறிப்பில் எழுதாதீர்கள், மில்லிகிராமில் எழுதுங்கள்.

மூன்றாவது எல்லை. அட்ரினலின் கலந்த லிக்னொக்கெயினுக்கு, பிள்ளைகளில் கிலோவுக்கு 4.4 மில்லிகிராம், எப்படியும் 300 மில்லிகிராமைத் தாண்டாமல் என்பது அமெரிக்கச் சிறுவர் பல் மருத்துவக் கழகத்தின் அளவு. சில தயாரிப்பாளர்களின் துண்டுப்பிரசுரத்தில் கிலோவுக்கு 7 வரை என்றும் காண்பீர்கள். நான் 4.4ஐயே கற்பிக்கிறேன். மெலிந்த பிள்ளை, அழுது புரளும் பிள்ளை, சிறு எலும்புகளுக்கிடையில் நரம்பைத் தேடும் புதுக்கை மூன்றும் சேரும் இடத்தில் கொஞ்சம் இடைவெளி வேண்டும்.

இனிப் பெருக்கல்.

14.5 கிலோ × 4.4 மி.கி. = 63.8 மி.கி. → கீழே இறக்கி 63 மி.கி.
63 மி.கி. ÷ 20 மி.கி. = 3.15 → 3.1 மி.லி.

முதலில் கிலோவிலிருந்து மில்லிகிராமுக்கு, பிறகு மில்லிகிராமிலிருந்து மில்லிலீற்றருக்கு. இந்த வரிசை மாறக்கூடாது. விடையை எப்போதும் கீழ்நோக்கியே முழுமையாக்குங்கள். உச்ச அளவுக்கு மேல்நோக்கி முழுமையாக்கும் பழக்கம் பாடசாலைக் கணிதத்தோடு நிற்கட்டும்.

வயதை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 20 கிலோ என்று வைத்தால் 88 மில்லிகிராம், அதாவது 2.2 மில்லிலீற்றர் கார்ட்ரிஜ் சரியாக இரண்டு. கணக்கு இவ்வளவு அழகாக முடிவதால் கையும் கூசாது. இந்தச் சிறுமிக்கு அது கிலோவுக்கு ஆறு மில்லிகிராமைத் தாண்டும். பழைய புத்தகங்களில் உள்ள யங் சூத்திரம் இன்னும் மோசம். வயதை, வயதோடு பன்னிரண்டு கூட்டி வந்ததால் வகுத்து, பெரியவரின் அளவால் பெருக்கச் சொல்வது அது. ஆறைப் பதினெட்டால் வகுத்தால் மூன்றிலொன்று. முந்நூறில் மூன்றிலொன்று நூறு மில்லிகிராம். கிலோவுக்கு ஏறத்தாழ ஏழு.

எண் வந்துவிட்டதென்று ஊசியை எடுத்துவிடாதீர்கள். வாயில் ஏற்கெனவே போட்ட மருந்தைக் கழிக்க வேண்டும். ஊசி வலி தெரியாமலிருக்க ஈறில் தடவுவதும் அடிப்பதும் லிக்னொக்கெயின்தான் என்பதை மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள். 10% ஸ்பிரேயில் ஓர் அழுத்தலுக்கு 10 மில்லிகிராம். பழக்கத்தில் இரண்டு முறை அடித்தால் 20 போய்விட்டது, 63இல் கிட்டத்தட்ட மூன்றிலொன்று. மிஞ்சுவது 43, அதாவது 2.1 மில்லிலீற்றர், ஒரு கார்ட்ரிஜ்கூட முழுதாக இல்லை. அடித்ததெல்லாம் இரத்தத்துக்குப் போவதில்லை என்று வாதாடலாம். எவ்வளவு போகும் என்று அந்த வாயைப் பார்த்துச் சொல்ல முடியாதபடியால் முழுவதையும் கணக்கில் எடுப்பதே சரி. பிள்ளைகளுக்கு ஸ்பிரே வேண்டாம் என்பது என் கட்சி. தொண்டைவரை பரவும், பிள்ளை இருமும், எவ்வளவு விழுங்கியது என்று தெரியாது. 5% ஜெல் என்றால் ஈறைப் பஞ்சால் துடைத்துக் காயவைத்து, பஞ்சுக்குச்சியில் உளுந்தளவு எடுத்துத் தடவினால் போதும். ஒரு கிராமின் பத்திலொரு பங்கு, 5 மில்லிகிராம். ஆக நம் சிறுமிக்கு மிஞ்சுவது 58 மில்லிகிராம், 2.9 மில்லிலீற்றர்.

இதற்குள் நான்கு பல்லும் அடங்குமா? கீழ்த்தாடைக்கு நரம்பு அடைப்புக்கு 1 மில்லிலீற்றரும் கன்னப்பக்கத்துக்கு 0.3உம் வேண்டும். மேல்தாடைக்குக் கன்னப்பக்கம் 0.8உம் அண்ணப்பக்கம் 0.2உம். ஒரு பக்கத்துக்கு 2.3 மில்லிலீற்றர். இரண்டு பக்கமும் என்றால் 4.6, அதாவது 92 மில்லிகிராம். அடங்காது. அடங்கினாலும் நான் ஒரே நாளில் கீழ்த்தாடையின் இரு பக்கமும் விறைக்கவைக்க மாட்டேன். நாக்கும் உதடும் முழுக்க மரத்துப்போன பிள்ளை வீட்டுக்குப் போகும் வழியிலேயே உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். எனவே அம்மாவிடம் சொல்ல வேண்டியது இது: இன்று வலப்பக்கம் இரண்டும், இன்னொரு நாள் இடப்பக்கம் இரண்டும். அவருக்கு இன்னொரு நாள் பேர் போகும் என்பது உண்மை. அதற்கு ஏதாவது செய்ய முடியுமானால் திகதி குறிப்பதில் செய்யலாம், அவருக்கு லீவு உள்ள நாள் எது என்று கேட்டு அதற்கு வையுங்கள். ஊசியில் செய்ய ஒன்றுமில்லை.

வலப்பக்கத்துக்கு 2.3 போனால் கையில் 0.6 மிஞ்சும். இந்த 0.6 எதற்கென்றால் அடைப்பு பிடிக்காதபோது மறுபடி போடுவதற்கு. ஆனால் ஒரு கார்ட்ரிஜில் இருப்பது 2.2. இரண்டாவதை ஏற்றியாக வேண்டும், ஏற்றினால் கையில் 2.2 முழுதாக இருக்கும். பிள்ளை கத்தும்போது, உதவியாளர் காலைப் பிடித்திருக்கும்போது, குழாயில் எங்கே நிறுத்துவது என்று யாரும் பார்ப்பதில்லை. இதற்கு ஒரு வழி உண்டு. பிள்ளை நாற்காலியில் ஏறுமுன்பே இரண்டாவது கார்ட்ரிஜிலிருந்து 1.5 மில்லிலீற்றரைப் பஞ்சில் பீய்ச்சி வெளியேற்றிவிடுங்கள். 0.7 மட்டும் மிஞ்சும். 2.2உம் 0.7உம் சேர்ந்து 2.9. இனி நீங்கள் பதறினாலும் எல்லையைத் தாண்ட மருந்தே இராது. குப்பியிலிருந்து சிரிஞ்சில் இழுக்கும் இடத்திலும் இதேதான், 2.9ஐ மட்டும் இழுத்துவிட்டுக் குப்பியைத் தட்டிலிருந்து அகற்றிவிடுங்கள்.

முதல் ஊசி பிடிக்கவில்லை என்றால் மாணவர்கள் அதைப் போடாததாகவே எண்ணுகிறார்கள். நரம்பைத் தொடாத மருந்தும் உடம்புக்குள்தான் இருக்கிறது, சில மணித்தியாலங்களுக்கு இருக்கும். 2.9 முடிந்தும் பல் விறைக்காவிட்டால் அன்று அந்தப் பல் வேண்டாம். வலி மருந்து கொடுத்து வேறு நாளுக்கு வரச்சொல்லுங்கள், அல்லது முழு மயக்கத்தில் செய்யப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதுங்கள்.

அட்ரினலின் இல்லாத 3% மெப்பிவெக்கெயினை எடுத்துப் போட்டுவிடுபவர்களுக்கும் ஒரு சொல். அதற்கும் எல்லை கிலோவுக்கு 4.4தான், ஆனால் ஒரு மில்லிலீற்றரில் 30 மில்லிகிராம். இந்தச் சிறுமிக்கு 2.1 மில்லிலீற்றர், 2.2 மில்லிலீற்றர் கார்ட்ரிஜ் ஒன்றுகூட முழுதாகச் செல்லாது. அட்ரினலின் இல்லாதபடியால் இரத்தத்துக்குள் வேகமாகவும் ஏறும். "பிள்ளைக்கு அட்ரினலின் வேண்டாம், இது மென்மையானது" என்ற நினைப்பில் இதை எடுப்பவர்கள் எதிர்த்திசையில் போகிறார்கள்.

அளவு கூடிவிட்டதா என்பதை எப்படி அறிவது? பெரியவர் வாயைச் சுற்றிக் கூசுகிறது, நாக்கில் இரும்பு ருசி, காதில் இரைச்சல் என்று சொல்வார். ஆறு வயதுப் பிள்ளை சொல்லாது. அழுதுகொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியாகிக் கண் சொருகினால், "அழுது களைச்சுத் தூங்குது" என்று அம்மாவும் நாமும் நிம்மதியடைவோம். அந்த நிம்மதியைச் சந்தேகியுங்கள். கூப்பிட்டால் விழிக்கிறதா, பேச்சுக் குழறுகிறதா, முகத்திலோ விரலிலோ துடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது வலிப்பு. மருந்து நேரே இரத்தக்குழாய்க்குள் போயிருந்தால் இது ஒரு நிமிடத்துக்குள் வரும், அதனாலேயே உறிஞ்சிப்பார்த்துவிட்டு மெதுவாகத் தள்ளச் சொல்கிறோம், நிமிடத்துக்கு ஒரு மில்லிலீற்றருக்கு மேல் வேண்டாம். அளவு கூடியதால் வருவது இருபது, முப்பது நிமிடம் கழித்து வரும். பல் பிடுங்கிப் பஞ்சு வைத்ததும் வீட்டுக்கு அனுப்பினால், அது நிகழ்வது நோர்வூட்டுக்குப் போகும் பஸ்ஸில், வளைவுகளுக்கு நடுவில். அரை மணித்தியாலம் வாங்கில் உட்காரவைத்துப் பிறகு அனுப்புங்கள்.

இந்த அறிகுறிகள் வந்துவிட்டால் ஊசியை நிறுத்தி, பிள்ளையைப் படுக்கவைத்து, சுவாசப் பாதையைத் திறந்து ஒட்சிசன் கொடுத்து, உதவிக்குக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரிக்கு வெளியே என்றால் 1990க்கு அழையுங்கள். வலிப்புக்கு உங்கள் நிலையத்தின் ஏற்பாட்டில் உள்ள பென்சோடயசெப்பின். ஆஸ்பத்திரியில் 20% கொழுப்புக் கரைசல் கிலோவுக்கு 1.5 மில்லிலீற்றர் நரம்பூடாகக் கொடுப்பார்கள். இந்தச் சிறுமிக்கு அது 21.75, ஏறத்தாழ 22 மில்லிலீற்றர். நீங்கள் நிறுத்துக் குறித்த அதே 14.5ஐ அவசரப் பிரிவிலுள்ளவர்களிடம் சொன்னால் அவர்களுக்கு இரண்டு நிமிடம் மிச்சம்.

வீட்டுக்குக் கொடுக்கும் மருந்துக்கும் இதே வரிசைதான். பரசிற்றமோல் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, நாளுக்குக் கிலோவுக்கு 60ஐத் தாண்டாமல். 14.5ஐ 15ஆல் பெருக்கினால் 217.5. 120 மில்லிகிராம் 5 மில்லிலீற்றர் சிரப் என்றால் மில்லிலீற்றருக்கு 24 மில்லிகிராம், எனவே 9 மில்லிலீற்றர். நாளுக்கு நான்கு முறை கொடுத்தால் 864 மில்லிகிராம், கிலோவுக்கு 60க்குச் சற்றுக் கீழே நிற்கும். இடைவெளி மிகக் குறைவு என்பதைக் கவனியுங்கள். பாட்டி வேறு அரைப் பனடோல் கொடுத்துவிட்டால் எல்லை போயிற்று. நாட்பட்ட ஊட்டக்குறைவுள்ள பிள்ளையின் ஈரலில் பரசிற்றமோலின் நச்சுக் கழிவைக் கட்டிப்போடும் குளுட்டத்தயோன் குறைவாக இருக்கும் என்பதால், இங்கே எல்லை வெறும் எண்ணில்லை. எனக்கு இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு நாளுக்கு மேல் எழுத மனம் வருவதில்லை. கடையில் 250 மில்லிகிராம் 5 மில்லிலீற்றர் சிரப்பும் உண்டு, அதில் 9 மில்லிலீற்றர் கொடுத்தால் இருமடங்கு. ஆகவே துண்டில் மில்லிலீற்றரை மட்டும் எழுதாமல் எந்தச் செறிவு என்பதையும் எழுதி, போத்தலை அம்மாவிடம் காட்டி, ஊசியில்லாத சிரிஞ்சில் 9ஆவது கோடுவரை நீங்களே இழுத்துக் காட்டிவிடுங்கள். தேக்கரண்டியென்று சொன்னால் லயத்துக்கு லயம் கரண்டி வேறு.

அமொக்சிசிலினில் விழும் பிழை வேறு மாதிரி. முகம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் மட்டும் அது வேண்டும். பல்லைப் பிடுங்கி வடியவிட்டாலே தீரும் சீழுக்கு வேண்டாம். அளவு கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை என்று எழுதியிருப்பது ஒரு நாளுக்கு, ஒரு வேளைக்கல்ல. 14.5ஐ 40ஆல் பெருக்கி 580, அதை மூன்றாகப் பிரித்து 193. 125 மில்லிகிராம் 5 மில்லிலீற்றர் சிரப்பில் அது 7.7, கொடுக்கும்போது 7.5 மில்லிலீற்றர். "நாளுக்கா, வேளைக்கா" என்று கேட்காமல் பெருக்கியவர் 580ஐயே மூன்று முறை எழுதிவிடுவார்.

காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கு இபுபுரூஃபன் எழுதாதீர்கள். நுவரெலியாக் குளிரில் டெங்கு குறைவு என்றாலும் ஹட்டனுக்குக் கீழே கினிகத்தேனைப் பக்கமும் கொழும்புக்குப் போய்வரும் குடும்பங்களிலும் அது வரும், டெங்குவில் அந்த மருந்து இரத்தக் கசிவைக் கூட்டும். பல்லால் வந்த காய்ச்சலா, டெங்குவா என்று இரத்தம் பார்த்துத் தெளியும்வரை பரசிற்றமோல் மட்டும், மேலே சொன்ன 9 மில்லிலீற்றர் கணக்கில்.